35இ000

கொற்கைக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, உப்பு பற்றிய பயிற்சித்தாள் ஒன்றைத் தமிழில் தயாரித்துக் கொடுத்தேன். ஒரு காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம் இது. இப்போது கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பிள்ளைகளில் பலருடைய வீடுகளில் உப்பளத்து வேலை. அதனால் பாடம் எளிது என்று நினைத்திருந்தேன்.

வகுப்பில் ஒரு பொண்ணு எழுந்து கேட்டாள். "சார், ஒரு லிட்டர் கடத்தண்ணியில முப்பத்தஞ்சு மில்லிகிராம்தான் உப்புன்னு போட்டிருக்கு. அப்படின்னா எங்க வீட்டு பைப்பு தண்ணியவிட நல்ல தண்ணியால்லா இருக்கும்?"

தாளைப் பார்த்தேன். 35.000 mg என்று இருந்தது. இருக்க வேண்டியது 35,000 mg, அதாவது 35 கிராம். இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்திருக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். என் தாளின்படி கடல் அதைவிடப் பல மடங்கு சுத்தம்.

தப்பு எங்கே நடந்தது என்று வீட்டுக்கு வந்து தேடினேன். எனக்குக் கிடைத்த மூலக்கோப்பு பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த மாதிரி எழுத்துருக்களில் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துதான். `g` என்று சேமித்திருக்கும், திரையில் ப என்று காட்டும். சூத்திரங்களையும் அலகுகளையும் மட்டும் வேறு ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுவது எழுத்துருவின் பெயர் மட்டுமே. நானோ மொத்தத்தையும் அள்ளி யூனிகோடு மாற்றியில் போட்டேன். அதற்கு எது தமிழ், எது வேதியியல் என்று தெரிய வழியே இல்லை. NaCl போன இடத்தில் 'யேஊட' வந்தது. CO₂ 'ஊழு2' ஆனது. kg 'மப' ஆனது, mg 'அப' ஆனது.

இவை எல்லாம் பரவாயில்லை. பார்த்தவுடன் குப்பை என்று தெரியும், திருத்திவிடலாம். ஆபத்து கமாவில் இருந்தது. பாமினியில் கமா விசையில் உட்கார்ந்திருப்பது 'இ'. அதனால் 35,000 மாறி 35இ000 ஆகிவிட்டது. இணையத்தில் பழைய தமிழ்க் கட்டுரைகளில் இப்படி எண்ணுக்கு நடுவே இ முளைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் அவசரத்தில் அந்த இ-யை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தேன். குப்பையாய் இருந்ததை நம்பும்படியான பொய்யாக மாற்றியது மாற்றி அல்ல, நான்தான்.

இப்போது செய்வது இதுதான். மாற்றுவதற்கு முன் வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடி, ஆங்கில எழுத்துருவில் உள்ள துண்டுகளை எல்லாம் தனியே எடுத்து, அந்த இடங்களில் 001, 002 என்று எண் அடையாளம் வைப்பேன். எண்கள் மாற்றியில் சிதையாது. மாற்றி முடித்ததும் துண்டுகளைத் திரும்ப வைத்து, கடைசியாக இதைத் தேடுவேன்:

```
[0-9]இ[0-9]
```

ஒன்று அகப்பட்டாலும் மூலத்தின் அச்சுப்படியை எடுத்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை.

புள்ளியின் தொல்லை அதோடு முடியவில்லை. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சாப்பாட்டு உப்புக்கு முன்னால் ஜிப்சம் படியும். அதன் சூத்திரம் CaSO₄·2H₂O. நடுவில், சற்று மேலே நிற்கும் அந்தப் புள்ளி, கால்சியம் சல்பேட் ஒன்றோடு இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்திருக்கிறது என்று சொல்கிறது. நான் அதைச் சாதாரண முற்றுப்புள்ளியாக அடித்து, கீழெழுத்தையும் விட்டுவிட்டேன்: CaSO4.2H2O. ஒரு பையன் சத்தமாக வாசித்தான்: "நாலு புள்ளி ரெண்டு". அவன்மேல் என்ன தப்பு?

அலகுகளையும் தமிழாக்க வேண்டும் என்றுதான் முதலில் அடம்பிடித்தேன். கிராமுக்கு 'கி' என்று போட்டால் கிலோவுக்கும் 'கி'. செ.மீ. என்றால் கூடுதலாக இரண்டு புள்ளி. அனைத்துலக அலகு முறையில் g, mg, s எல்லாம் சுருக்கங்கள் அல்ல, எந்த மொழியிலும் மாறாத குறியீடுகள். ஆகவே வாக்கியத்தில் கிராம், கணக்கில் g என்று வைத்துக்கொண்டேன். 'வினாடி'யை மட்டும் விட மனசில்லை. பழைய கணக்கில் 60 விநாடி ஒரு நாழிகை. நாழிகை 24 நிமிடம், ஆக அந்த விநாடி இன்றைய 24 வினாடி. இலங்கைப் பாடநூல்களில் 'செக்கன்' என்று எழுதிவிடுகிறார்கள், குழப்பமில்லை. இருந்தாலும் எனக்கு வினாடிதான் வாயில் வருகிறது.

திருத்திய தாளில் கமாவே வராதபடி '35 g' என்று எழுதினேன். கீழே பழைய தப்பையும் ஒரு கேள்வியாக வைத்தேன்: '35.000 mg என்று அச்சிட்டிருந்தது. தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?' கணக்குப் போட்டு விடை எழுதியவர்கள் உண்டு. முதலில் கேட்ட பொண்ணு ஒரே வரி எழுதியிருந்தாள்: 'அளத்துல வேலை செஞ்சா கை எரியும் சார்.'