மூணு வெள்ளி பொறு, ராசாத்தி!

என் பேத்திக்கு வயசு 5. டவுன்ல இருக்கா. பொங்கலுக்கு வந்தப்ப என்கூட உக்காந்து கோழிக்கு அடை வெச்சா. ஊருக்குப் போனதுல இருந்து தினமும் போன்ல ஒரே கேள்விதான்: "அப்பத்தா, குஞ்சு வந்துருச்சா?" அவளுக்குப் பதிலா இதை எழுதினேன். அவங்கம்மா ராத்திரி சத்தமா வாசிச்சுக் காட்டணும்னு சின்னச் சின்ன வார்த்தையா எழுதியிருக்கேன். உங்க வீட்டுப் பிள்ளைக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

ராசாத்தி,

குஞ்சு இன்னும் வரல. வரும். ஆனா இன்னிக்கு இல்ல, நாளைக்கும் இல்ல.

விரலை நீட்டு. 3 விரல். ஒரு விரலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை. நாம அடை வெச்சது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதுல இருந்து மூணாவது வெள்ளி குஞ்சு வரும். மொத்தம் 21 நாள். உன் அப்பா பொறக்குறதுக்கு முன்னாடியும் 21 நாள்தான். இப்பவும் 21 நாள்தான். கோழிகிட்ட அவசரம் நடக்காது.

நாம என்ன செஞ்சோம், ஞாபகம் இருக்கா? கூடையில மணல் போட்டோம். மேல வைக்கோல் போட்டோம். பேன் வராம இருக்க வேப்பிலை போட்டோம். அப்புறம் முட்டையை எண்ணினோம். 11 முட்டை. எல்லாம் ஒரு வாரத்துக்குள்ள இட்ட முட்டை. பழைய முட்டையை நான் தள்ளி வெச்சுட்டேன். நீ ஒவ்வொண்ணுக்கும் அடுப்புக் கரியால பொட்டு வெச்சே. ஒரு முட்டைக்கு மட்டும் பொட்டோட மீசையும் வெச்சே. "இது என் முட்டை"ன்னு சொன்னே.

பொட்டு எதுக்கு? அழகுக்கு இல்லடி. கருப்பி இருக்கா பாரு, அவ திருட்டுக் கோழி. செவலை தீனிக்கு எழுந்திரிச்ச நேரம் பாத்து, அந்தக் கூடைக்குள்ள போயி முட்டை இட்டுட்டு வந்துருவா. நேத்தும் இட்டுட்டா. பொட்டு இல்லாத முட்டை! எடுத்துட்டேன். அதை விட்டா என்ன ஆகும்? மத்த குஞ்சு எல்லாம் வெளிய வந்துரும். செவலை அதுங்களோட கிளம்பிருவா. அந்த முட்டை பாதியில ஆறிப் போயிரும்.

செவலை இப்ப எப்படி இருக்கா தெரியுமா? உம்முன்னு இருக்கா. கிட்டப் போனா "கிர்ர்ர்"ருங்கறா. நாளைக்கு ஒரு தடவை எழுந்திரிப்பா. கம்பு தின்பா. தண்ணி குடிப்பா. மண்ணுல புரளுவா. கால் மணி நேரத்துல ஓடி வந்து உக்காந்துக்குவா. அலகால முட்டையைப் புரட்டிப் புரட்டி விடுவா. அப்பதான் சூடு எல்லாப் பக்கமும் சேரும். குஞ்சும் ஓட்டோட ஒட்டாது.

இப்ப முதல் வெள்ளிக் கதை.

ராத்திரி விளக்கை அணைச்சேன். இருட்டு. கும்மிருட்டு. டார்ச்சை எடுத்தேன். முட்டையோட அகலமான பக்கத்துல வெச்சு அடிச்சேன். முட்டை பளபளன்னு சிவந்துச்சு. உள்ள என்ன? சின்னதா ஒரு கறுப்புப் புள்ளி. அதைச் சுத்திச் சிவப்பு நரம்பு. பாத்தா எட்டுக்கால் பூச்சி மாதிரி! பயப்படாதே, பூச்சி இல்ல. அதுதான் குஞ்சு.

ஒண்ணு, எட்டுக்கால் பூச்சி. ரெண்டு, எட்டுக்கால் பூச்சி. மூணு, எட்டுக்கால் பூச்சி. அப்புறம் மீசை வெச்ச முட்டை வந்துச்சு. டார்ச் அடிச்சேன். வெளிச்சம் சும்மா அந்தப் பக்கம் வந்துச்சு. புள்ளி இல்ல. நரம்பு இல்ல. திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல.

உன் முட்டையில குஞ்சு இல்லடா தங்கம்.

நீ மீசை வரைஞ்சதால இல்ல. நீ தொட்டதால இல்ல. செவலை மேலயும் தப்பு இல்ல. நாத்தங்கால்ல நெல்லு வெதைச்சாத்தானே நாத்து வரும்? வெதைக்காம தண்ணி மட்டும் கட்டினா வருமா? வராது. அந்த மாதிரி, சேவல் சேராத கோழி இட்ட முட்டையில உசுரு இருக்காது. எத்தனை நாள் அடை காத்தாலும் வராது. வெளிய பாத்தா எல்லா முட்டையும் ஒண்ணுதான். வெளிச்சம் அடிச்சாத்தான் தெரியும்.

அப்படி 2 முட்டை இருந்துச்சு. ரெண்டையும் எடுத்துட்டேன். விட்டா அழுகிப் போயிரும். ஒரு நாள் "டப்"புன்னு வெடிக்கும். நாத்தம்! மூக்கைப் பிடி! மத்த முட்டையும் கெட்டுப்போகும். அதான் எடுத்தேன். வேக வெச்சு மணிக்குப் போட்டேன். மீசையையும் சேத்துத் தின்னுட்டான்.

இப்ப நீ சொல்லு. 11ல 2 போனா எத்தனை? சத்தமாச் சொல்லு! ஆமா, 9.

ரெண்டாவது வெள்ளி ஒண்ணும் இருக்காது. செவலை உக்காந்திருப்பா. அப்பத்தா பாத்துக்கிட்டு இருப்பேன். அவ்வளவுதான்.

மூணாவது வாரம் செவ்வாய்க்கிழமையில இருந்து கூடையை யாரும் தொடக்கூடாது. செவலையும் முட்டையைப் புரட்ட மாட்டா. குஞ்சு வெளிய வரத் திரும்பி உக்காரும். அகலமான பக்கத்துல கொஞ்சம் காத்து இருக்கும். முதல்ல அங்க மூக்கை விடும். உள்ள இருந்தே "கீச்"சுங்கும். அப்புறம் ஓட்டுல கொத்தும். டொக். நிறுத்தும். தூங்கும். டொக். மறுபடி தூங்கும். ஒரு ஓட்டை விழுந்து குஞ்சு வெளிய வர ஒரு பகல், ஒரு ராத்திரிகூட ஆகும்.

உனக்கு ஓட்டைப் பிய்ச்சு விடணும்னு கை துறுதுறுன்னு வரும். பிய்க்கக்கூடாது. ஓட்டுக்குள்ள ஒரு தோல் இருக்கு. அதுல ரத்தம் ஓடும். அந்த ரத்தமும் மஞ்சக் கருவும் குஞ்சு வயித்துக்குள்ள போகணும். அதுக்குத்தான் இவ்வளவு நேரம். முன்னாடியே பிய்ச்சா ரத்தம் வரும். குஞ்சு செத்துப்போகும். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பாரு.

9ல ஒண்ணு ரெண்டு வராமலும் போகலாம். அப்பவும் அழக்கூடாது. வந்ததை எண்ணு.

நீ சனிக்கிழமை காலையில வா. அதுக்குள்ள ஈரம் காஞ்சு பஞ்சு மாதிரி இருக்கும். அன்னிக்கே தீனி வேணும்னு பறக்காதே. மஞ்சக் கரு வயித்துல இருக்கு, பசிக்காது. ஞாயித்துக்கிழமை நீதான் அரிசிக் குருணை போடணும். தண்ணிக்குத் தட்டையான தட்டு. அதுல கூழாங்கல்லு போடணும். இல்லன்னா குஞ்சு உள்ள விழுந்துரும். வரும்போது வாய்க்கா ஓரத்துல 10 கல்லு பொறுக்கிட்டு வா.

மேல பருந்து சுத்தும். பூனை பம்மும். அதனால கொஞ்ச நாள் பஞ்சாரத்தைக் கவுத்து வெச்சுருவேன். நீ எட்டிப் பாக்கலாம். திறக்கக்கூடாது.

அப்புறம் நாலாவது வெள்ளி. மூணுதானே சொன்னேங்கறியா? இது குஞ்சுக்கு ஊசி வெள்ளி! ஊசி இல்ல, சொட்டு மருந்து. கண்ணுல ஒரே சொட்டு. வெள்ளைக்கழிச்சல் வந்தா ஒரு வாரத்துல கூடே காலியாயிரும். அதுக்குத்தான். கால்நடை மருந்தகத்துல கேட்டு வெச்சுட்டேன். ஐஸ் போட்ட டப்பாவுல வெச்சு வாங்கிட்டு வரணும். சூடு பட்டா மருந்து வீணாப் போயிரும்.

உனக்கு ஒரு குஞ்சு உண்டு. எதுன்னு நீயே சொல்லு. ஆனா மீசை வரையாதே. கொஞ்ச நாள் போனா அது சேவலா, பெட்டையான்னு அதுவே சொல்லிரும்.

இப்படிக்கு,
உன் அப்பத்தா