தவணை கேட்டேன்... நூல் நிற்கவில்லை!

திருப்பூரில் ஆறு தையல் மெஷின்களோடு குழந்தைகளுக்கான பனியன் துணி ஆடைகள் தைக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறேன். கடன் சொல்லி நூல் வாங்குவதும், கெடு நாளில் பணம் கொடுப்பதும் எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பவை. கெடு நாள் வருகிறது, கையில் பணம் இல்லை, அப்போது நூல்காரரிடம் எப்படிப் பேசுவது? இதைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. கடந்த ஆண்டு அந்த நிலை எனக்கு வந்தது. ஒரே நூல் பில்லை நான்கு மாதத்தில் அடைத்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தீபாவளி சீசனுக்காக ஆகஸ்ட் 12-ம் தேதி 2,400 கிலோ நூல் வாங்கினேன். கிலோ 250 ரூபாய் வீதம் 6 லட்சம், ஜி.எஸ்.டி 5 சதவிகிதம் சேர்த்து 6,30,000 ரூபாய். 45 நாள் கடன். செப்டம்பர் 26-ல் பணம் கொடுக்க வேண்டும். சரக்கைத் தைத்து வெளியூர் மொத்த வியாபாரி ஒருவருக்கு அனுப்பியாகிவிட்டது. அவரிடமிருந்து வர வேண்டியது 8,40,000 ரூபாய். செப்டம்பர் முதல் வாரம் அவர் போன் செய்து, “நவம்பர் கடைசியிலதான் தர முடியும்” என்று சொல்லிவிட்டார்.

முதலில் மனதில் வந்தது வட்டிக்கு வாங்குவதுதான். எங்கள் பக்கம் மூணு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 5 லட்சம் வாங்கினால் மாதம் 15,000 ரூபாய் வட்டிக்கே போகும், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அந்த 15,000-ஐ நூல்காரருக்கே கொடுத்தால் கடனாவது குறையுமே என்று தோன்றியது. தவணை கேட்பது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

கேட்பதற்கு முன்னால் ஒரு தாளில் என் வாரக் கணக்கை எழுதினேன். உள்ளூர்க் கடைகளிலிருந்து வாரம் தவறாமல் வரும் பணத்தை மட்டும்தான் வரவில் சேர்த்தேன். அது 1,10,000 ரூபாய். வெளியூர்க்காரரின் பாக்கியை அதில் சேர்க்கவில்லை. செலவில் சனிக்கிழமைக் கூலி 32,000, நிட்டிங்கும் சாயப்பட்டறையும் சேர்த்து 14,000, வாடகை, மின்கட்டணம், வங்கித் தவணை எல்லாம் சேர்த்து 12,000, வீட்டுக்கு 7,000.

எழுதும்போது பலர் விட்டுவிடுகிற ஒரு வரி, புது நூலுக்கான பணம். பழைய பாக்கி நிற்கும்போது புதுச் சரக்கைக் கடனாக யாரும் தர மாட்டார்கள். ரொக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு வாரம் 27,000 ஒதுக்கினேன். அதை ஒதுக்காமல் எல்லாவற்றையும் பாக்கிக்கே கொடுத்தால் மூன்றாவது வாரம் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் தவணையும் நிற்கும். மொத்தச் செலவு 92,000. மிச்சம் 18,000. ஏதாவது ஒரு கடைக்காரர் ஒரு வாரம் இழுத்தாலும் சமாளிக்க வேண்டும் என்பதால், வாரம் 15,000-க்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

அடுத்து, முதல் தொகை. வெறும் கையோடு போய்த் தவணை கேட்டால் பேச்சே எடுபடாது. கிடங்கில் இருந்த பழைய டிசைன் உருப்படிகளைக் காதர்பேட்டையில் லாட்டாகக் கொடுத்தேன். தைத்த செலவைவிடக் குறைந்த விலைதான். 95,000 ரூபாய் கிடைத்தது. கையிருப்பு 35,000 சேர்த்து 1,30,000 ஆனது.

கெடுவுக்குப் பத்து நாள் முன்னதாகவே நூல்காரரைப் பார்க்கப் போனேன். முன்கூட்டியே போனதற்குக் காரணம் இருக்கிறது. அவரும் மில்லுக்குப் பணம் கட்ட வேண்டியவர். 26-ம் தேதி என் பணம் வரும் என்று நம்பி மில்லுக்கு அவர் வாக்குக் கொடுத்திருப்பார். முன்னதாகத் தெரிந்தால் வேறு ஏற்பாடு செய்துகொள்வார். அன்றைக்குக் காலையில் தெரிந்தால் அவர் செக்கும் திரும்பும்.

“அண்ணா, 26-ம் தேதி முழுப் பணமும் தர முடியாதுங்க. ஆனா எப்ப எவ்வளவு தருவேன்னு எழுதிட்டு வந்திருக்கேன். பாருங்க” என்று தாளை நீட்டினேன்.

ஐந்து நிமிடம் பார்த்தார். “ஏனுங் அம்மிணி, ஜி.எஸ்.டி முப்பதாயிரம் எங் கைய விட்டுப் போயாச்சு. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். நாம் பணம் தந்தாலும் தராவிட்டாலும், பில் போட்ட மாதத்துக்கான வரிக் கணக்கை அடுத்த மாதமே அவர் முடிக்க வேண்டும். மில்லுக்குக் கொடுத்த வரியும் அரசுக்குக் கட்டிய வரியுமாக 30,000 ரூபாய் அவர் கையிலிருந்து போய்விட்டது. அதற்கான வரி வரவை நானும் என் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் முதல் தொகையில் 30,000 அந்த வரிக்கு, மீதி ஒரு லட்சம் நூலுக்கு என்று தாளிலேயே பிரித்து எழுதியிருந்தேன். அதைக் காட்டியதும் அவர் குரல் தணிந்தது.

தவணையை மூன்று கட்டமாகப் பிரித்திருந்தேன். முதல் கட்டம், செப்டம்பர் 26-ல் 1,30,000. இரண்டாம் கட்டம், நவம்பர் முடியும் வரை திங்கட்கிழமைதோறும் 15,000. தீபாவளி போனஸ் கொடுக்க வேண்டிய இரண்டு வாரங்களில் தவணை இல்லை என்று முன்கூட்டியே எழுதிவிட்டேன். அதைக் கழித்தால் ஏழு வாரம், 1,05,000. மூன்றாம் கட்டம், வெளியூர்ப் பணம் வந்ததும் டிசம்பர் 1-ல் 2,00,000, பிறகு ஏழு வாரம் 25,000 வீதமும் கடைசி வாரம் 20,000-மும். ஜனவரி 26-ல் பாக்கி தீர்ந்துவிடும்.

ஜனவரியைத் தாண்டாமல் முடித்ததற்கும் காரணம் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்காத தொகைக்கு நாம் எடுத்த ஜி.எஸ்.டி வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பிறகு பணம் கொடுத்ததும் அந்த வரவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டிய வட்டி வராது. ஆகஸ்ட் 12-லிருந்து எண்ணினால் 180-வது நாள் பிப்ரவரி 8. சப்ளையர் ஒரு வருடத் தவணை தரத் தயாராக இருந்தாலும், இந்த நாளைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். என் நூல்காரர் வாங்கி விற்பவர். அதுவே, உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு மில்லிலிருந்து நேரடியாக வாங்கியிருந்தால் கதை வேறு. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் கெடு வைக்கச் சட்டம் அனுமதிக்காது. நாள் கடந்த பாக்கி மார்ச் 31-ல் நின்றால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். கையில் பணமே இல்லாத வருடத்தில் வரி மட்டும் கூடிவிடும். ஆடிட்டரிடம் கேட்டு, சப்ளையர் எந்த வகை என்று தெரிந்துகொண்டே தவணை பேச வேண்டும்.

எல்லாத் தவணைக்கும் முன்தேதியிட்ட செக் வேண்டும் என்று அண்ணா கேட்டார். இரண்டாம் கட்டத்தின் ஏழு வாரங்களுக்கு மட்டும் கொடுத்தேன். அது என் கையில் வாராவாரம் வரும் பணம். டிசம்பர் 1-க்கு மட்டும் மறுத்துவிட்டேன். “அது இன்னொருத்தர் தந்தாதானுங்க நான் தர முடியும். அந்தப் பணத்தை நம்பிச் செக் எழுத மாட்டேங்க, அண்ணா” என்றேன். செக் திரும்பினால் அவர் நோட்டீஸ் அனுப்பலாம். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் கிரிமினல் வழக்கு. வாய்வார்த்தையில் தவறினால் மன்னிப்புக் கேட்கலாம், செக்கில் முடியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பதிலுக்கு அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: இனி நூல் வேண்டுமென்றால் பணம் வந்த பிறகே மூட்டை இறங்கும். அதற்குத்தான் 27,000 ஒதுக்கி வைத்திருந்தேனே!

பில் எண், தேதி, தொகை, தவணை நாள்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கு ஒரு பிரதி.

இதெல்லாம் செய்தும் இரண்டு இடத்தில் சிக்கல் வந்தது. நவம்பர் நடுவில் அவர் ஆபீஸிலிருந்து என் கணக்குப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பழைய பாக்கி நான் எழுதி வைத்திருந்ததைவிட 27,000 குறைவாக இருந்தது. மகிழ்ச்சிப்பட ஒன்றுமில்லை. நான் ரொக்கம் கொடுத்து எடுத்த புது நூலின் பணத்தை அவர்கள் கணக்காளர் பழைய பில்லில் வரவு வைத்துவிட்டார். அதனால் புது பில் பாக்கியாகத் தெரிந்தது. ‘ரொக்கம்னு சொல்லிட்டுக் கடன் வைக்கிறாங்க’ என்று அண்ணா நினைக்க இது போதும். அன்றே பேசிச் சரி செய்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் குறிப்பில் பில் எண்ணைப் போட்டுவிடுகிறேன்.

இரண்டாவது, வெளியூர்க்காரர். நவம்பர் கடைசியில் முதல் கட்டமாக 1,50,000 மட்டுமே வரும் என்று 27-ம் தேதி தெரிந்தது. அன்று மாலையே அண்ணாவுக்குப் போன் செய்தேன். “ஒண்ணாந் தேதி ஒரு லட்சம் வந்துருமுங்க. இன்னொரு லட்சம் அவர் அடுத்த பணம் அனுப்பினதும் தர்றேன். திங்கட்கிழமைத் தவணை ஒரு நாள்கூட மாறாதுங்க” என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “அவரு அனுப்பலீன்னா?” அந்த லட்சத்தை ஜனவரி 26-க்குப் பிறகு பிப்ரவரி 7-க்குள் நகையை அடகு வைத்தாவது கொடுப்பதாகச் சொன்னேன். அடகுக்குத் தேவை வரவில்லை. டிசம்பர் 18-ல் பணம் வந்தது, அன்றே அவருக்கு மாற்றிவிட்டேன். ஜனவரி 26-ல் கடைசி 20,000-மும் போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரியில் அண்ணா மறுபடி கடனுக்கு நூல் தந்தார். முன்பு 45 நாள், இப்போது 15 நாள்தான். அதிகம் கேட்டுப் பார்த்தேன். “இந்தச் சீசன் முடியட்டுங் அம்மிணி, பாக்கலாம்” என்றார்.