நன்றியுரைக்கு ஒரு பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

உப்பள ஆய்வு மாணவியின் ஆய்வேடு முடியும் நிலைக்கு வந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு, தொழிற்சொற்கள், கூலிக் கணக்கு எல்லாம் சேர்ந்து ஆறு இயல்கள். பைண்டிங்குக்குப் போகுமுன் முன்பக்கங்கள்தான் பாக்கி. இன்று நன்றியுரையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நான்கு பக்கம், நாற்பதுக்கு மேல் பெயர்கள்.

முதலில் இறைவன். பிறகு துணைவேந்தர், பதிவாளர், கல்லூரிச் செயலர், முதல்வர், துறைத்தலைவர், நூலகர் என்று பதவி இறங்கு வரிசையில் போகிறது. நடுவில் எனக்கென்று ஒரு நீண்ட பத்தி. ‘கலங்கரை விளக்கமாய் நின்று வழிகாட்டி, கல்லாய்க் கிடந்த என்னைச் சிற்பமாய்ச் செதுக்கிய’ என்று தொடங்கி, நன்றியைப் பாதங்களில் காணிக்கையாக்கி முடிகிறது. பாட்டுச் சொன்ன பெண்கள் நான்காம் பக்கத்தில், தட்டச்சு செய்தவருக்கு முந்திய பத்தியில் இருக்கிறார்கள்.

“இதுல எனக்குன்னு எழுதினது எதும்மா? பேரை மாத்திட்டா எந்த நெறியாளருக்கும் பொருந்துமே” என்று கேட்டேன்.

“எல்லாரும் இப்படித்தான் மேடம் எழுதுறாங்க. சீனியர் அக்கா தீசிஸைப் பார்த்துத்தான் எழுதினேன்.”

அவள் சொன்னது உண்மை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகளில், ஒப்புமைச் சோதனையிலிருந்து விலக்கப்பட்டவற்றுள் முன்னுரையும் நன்றியுரையும் உண்டு. இயல்களில் ஒரு பத்தி ஒத்துப்போனால் மென்பொருள் காட்டிவிடும். நன்றியுரை முழுவதும் ஒத்துப்போனாலும் யாரும் கேட்பதில்லை. அதனால் ஒரே கலங்கரை விளக்கம் ஆண்டுதோறும் ஆய்வேடு விட்டு ஆய்வேடு வந்துகொண்டிருக்கிறது. மனசில் நன்றி இல்லாமல் அந்தப் பிள்ளைகள் எழுதவில்லை. வாய்ப்பாடு அந்த நன்றியை வெளியே தெரியவிடுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டுக் கொடுத்தேன். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அவர் செய்த காரியம். ‘ஊக்கமளித்தார்’, ‘உறுதுணையாக இருந்தார்’ என்று எழுதக் கூடாது. என்ன செய்தார் என்று மட்டும் எழுத வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

தாளைக் கொண்டுவந்தாள். நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களில் பாதிக்குத்தான் வலப்பக்கம் நிரம்பியிருக்கிறது. ஆனால் நிரம்பியிருப்பவை அத்தனையும் அருமை. இந்தக் குறிப்புகளில் ஒன்றுகூட அந்த நான்கு பக்கத்தில் இல்லை.

அவளுடைய மாமியார் பெயருக்கு நேரே, ‘அளத்துக்குப் போகிற நாளில் விடியுமுன் பாப்பாவை வாங்கிக்கொள்வார்’ என்று எழுதியிருந்தாள். உப்பளத்தில் வெயில் ஏறுமுன் வேலை தொடங்கிவிடும். இருட்டோடு போனால்தான் உப்பு வாரும்போது பெண்கள் பேசுவதைக் கேட்க முடியும். அந்த மாமியார் இல்லையென்றால் இரண்டாம் இயலே இல்லை. பழைய படியில் அவருக்குக் கிடைத்திருந்தது ‘அன்பின் திருவுருவம்’ என்ற இரண்டு சொல்.

பெயர்களை மூன்றாகப் பிரித்தோம். ஆய்வேடு உருவாகக் காரியம் செய்தவர்கள் நன்றியுரையில் இருப்பார்கள். பாசத்துக்கும் மரியாதைக்கும் உரியவர்கள், ஆனால் இந்த ஆய்வில் கை வைக்காதவர்கள் என்றால் நேரில் போய்ச் சொல்லலாம், ஒரு பிரதி கொடுக்கலாம். மூன்றாவது வகைதான் மாணவர்கள் கவனிக்காமல் விடுவது. ஆய்வுக்குக் கருத்தே கொடுத்தவர்கள் அவர்கள். வேறு கல்லூரியில் ஆய்வு செய்யும் ஒரு தோழி, பாத்தி மிதிக்கும்போதும் உப்பு வாரும்போதும் பாடும் பாட்டுகள் வேறுவேறு சந்தத்தில் அமைவதைச் சுட்டிக்காட்டியிருக்கிறாள். நான்காம் இயலின் ஒரு பகுதி அதன்மேல்தான் நிற்கிறது. அதற்கு ‘என் உயிர்த்தோழி’ என்று நன்றி சொன்னால் கடன் தீராது. அந்தப் பக்கத்தில், அந்த வாக்கியத்துக்கு, அவள் பெயரோடு அடிக்குறிப்பு வேண்டும். நன்றியுரையில் ஒரு சொல் குறைந்தாலும் அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள். அடிக்குறிப்பு இல்லாமல் போனால் அவளுடைய கருத்து அடுத்த ஆய்வாளரின் கையில் வேறொருவர் பெயரில் நிற்கும்.

ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கித் தந்தவரையும் மெய்ப்புப் பார்த்தவரையும் அவர்கள் செய்த வேலையைச் சொல்லியே எழுதச் சொன்னேன். பிறர் கை எங்கெங்கே பட்டிருக்கிறது என்பது வாய்மொழித் தேர்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

வரிசை பற்றி வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். பதவி வரிசையில் போனால் ஆய்வுக்கு நெருங்கியவர்கள் எல்லாரும் கடைசியில் தள்ளப்படுவார்கள். ஆனாலும் கல்லூரி மரபு ஒன்று இருக்கிறது. செயலரையும் முதல்வரையும் விட்டுவிட்டு ஒரு மாணவியை அனுப்பி வைக்க என்னால் முடியாது. அவர்கள் அனுமதி தந்தார்கள், களப்பணிக்கு விடுப்பு தந்தார்கள். அதைச் சொல்லி ஒரே வாக்கியத்தில் இருவரையும் சேர்த்துவிடலாம். அடைமொழி வேண்டாம், பெயரும் பதவியும் போதும்.

மற்றவர்களை வேலையின் நெருக்கத்தை வைத்து அடுக்கலாம். இவள் ஆய்வு நின்றது உப்பளப் பெண்கள்மேல். அவர்கள் முதலில் வரட்டும். அடுத்து நெறியாளர்கள். இவளுக்கு நெறியாளர் இருவர். முதல் நெறியாளர் பணி ஓய்வு பெற்ற பிறகுதான் என்னிடம் வந்தாள். தலைப்பைக் கூலிக் கணக்குப் பக்கம் திருப்பியவர் அவர். பழைய படியில் என் பத்திக்குக் கீழே ஒரு வரியில் இருந்தார். கால வரிசைப்படி அவர்தான் முன்னால் வர வேண்டும். பிறகு ஆய்வுக்குழு, நூலகங்கள், எழுத்தாக்கம், கடைசியில் வீடு. குடும்பத்தைக் கடைசியில் வைப்பது தாழ்வு இல்லை. படிப்பவர் மனத்தில் நிற்கும் இடம் அது.

உதவித்தொகையைத் தனியாக எழுத வேண்டும். வழங்கிய அமைப்பு, திட்டத்தின் பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பது மட்டும் போதும். அது அறிவிப்பு, அதில் உணர்ச்சிக்கு இடமில்லை. இறைவனுக்கு ஒரு வாக்கியம் வைக்கலாமா என்று கேட்டிருந்தாள். நம்பிக்கையோடு எழுதுகிறாள், முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

ஒருவரைப் பற்றித் தயங்கினாள். உதவுவதாகச் சொல்லிக் கடைசிவரை அலையவிட்டவர் அவர். பெயர் விடுபட்டால் வருத்தப்படுவாரே என்றாள். நடக்காத உதவிக்கு நன்றி எழுதினால் நடந்த உதவிகளின் மதிப்பும் குறையும். பூடகமாகக் குத்தவும் வேண்டாம், பெயரை விட்டுவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று பார்த்தது முக்கியமான விஷயம். புதிய படியின் முதல் பத்தியில் 14 பெண்களின் பெயர்களை ஊரோடு அழகாக எழுதியிருந்தாள். உளமார எழுதியது. படித்ததும் எனக்குப் பகீரென்றது.

ஐந்தாம் இயல் கூலி பற்றியது. முன்பணம் எவ்வளவு, எப்படிக் கழிக்கப்படுகிறது, யார் ஏமாற்றுகிறார் என்று பெண்கள் திறந்து பேசியிருக்கிறார்கள். பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துத்தான் அவள் பதிவு செய்தாள். அதனால் இயலுக்குள் ‘தகவலாளர் 4’, ‘தகவலாளர் 9’ என்றே வருகிறார்கள். தகவலாளர் 4 ஐம்பது வயது கடந்தவர், கணவரை இழந்தவர், இன்ன ஊர் என்ற விவரம் அட்டவணையில் இருக்கிறது. நன்றியுரையில் அதே ஊரைச் சொல்லி மூன்று பெயர் இருக்கிறது. சின்ன ஊரில் மூவரில் யார் அந்த நான்காம் எண் என்று கண்டுபிடிக்க ஒரு கங்காணிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆய்வேடு ஷோத்கங்கா தளத்தில் ஏறும்போது நன்றியுரை பெரும்பாலும் தனிக் கோப்பாகவே போகிறது. ஆய்வேடு முழுவதையும் படிக்காதவரும் அந்த ஒரு கோப்பைத் திறந்து பார்க்கலாம்.

நன்றியுரையையும் அட்டவணையையும் அருகருகே வைத்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பேரு போடாட்டி அவங்களுக்கு நன்றி சொன்ன மாதிரி ஆகுமா மேடம்?” என்று கேட்டாள். சரியான கேள்வி.

ஒரு பாட்டி தன் பாட்டுகள் தன் பெயரில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பாட்டு அவருடையது, பெயர் வைப்பதுதான் நியாயம். ஆனால் அதே பாட்டி கூலி பற்றியும் பேசியிருக்கிறார். அங்கே ஊரையும் வயதையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, ‘கிழக்கு உப்பளப் பகுதி, மூத்த தொழிலாளி’ என்று பொதுவாக்கினோம். அப்படியும் ஆபத்து இருக்கலாம் என்பதை அவரிடம் விளக்கி, மறுபடி சம்மதம் கேட்டுவரச் சொன்னேன். மற்றவர்களுக்குப் பெயரில்லாத ஒரு பத்தி போதும். அதை எழுதி, அளத்துக்கே எடுத்துப்போய் அவர்கள் காதில் விழும்படி வாசித்துவிட்டு வா என்றேன்.

மார்ச் 17, திங்கள்

போய் வாசித்துவிட்டு வந்திருக்கிறாள். ‘ஏழை எளிய மக்கள்’ என்று இருந்ததை ஒரு பெண் மாற்றச் சொன்னாராம். “வேலைக்காரங்கன்னு எழுது” என்றாராம். மாற்றிவிட்டாள். பாட்டி யோசித்துப் பார்த்துப் பாட்டுக்கு மட்டும் பெயர் போதும், நன்றி எழுதுகிற பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இறுதிப் படியில் இறைவனுக்கான வாக்கியத்தை அடுத்து முதல் பத்தி இப்படி வந்திருக்கிறது: ‘உப்பு வாரிக்கொண்டே என் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பெண் தொழிலாளர்களால்தான் இந்த ஆய்வு நடந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டபடியும் என் வாக்குப்படியும் பெயர்களை எழுதவில்லை. பேசிய நேரத்துக்கு அவர்கள் கூலி இழந்ததை நான் அறிவேன்.’

என்னைப் பற்றி இரண்டு வாக்கியம்: ‘கூலிக் கணக்கைத் தனி இயலாக்கச் சொன்னவர் என் நெறியாளர். மூன்றாம் இயலை நான் முடித்துவிட்டதாக நினைத்தபோது, பாதிப் பாட்டுகளுக்குச் சூழல் குறிப்பு இல்லை என்று திருப்பித் தந்தார்.’ பழைய பத்தியைப் படித்தபோது வராத நெகிழ்ச்சி இதைப் படித்தபோது வந்தது. அன்று அந்த இயலை நான் திருப்பியதற்கு அவள் அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

பெயர்கள் பத்தொன்பதாகக் குறைந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் போன் செய்து தலைப்பெழுத்து, பதவி சரிதானா, பெயர் வர விருப்பமா என்று கேட்டுவிட்டாள். நூலகர் ஒருவரின் தலைப்பெழுத்து தவறாக இருந்தது, திருத்தியாயிற்று. பக்கம் ஒன்று முடிந்து கையொப்பத்துக்கு இடம் மிஞ்சுகிறது. நாளை பைண்டிங்.

களப்பணி செய்த மாணவர்களை வழிநடத்தும் சக நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கையெழுத்துப் போடுமுன் நன்றியுரையையும் தகவலாளர் அட்டவணையையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பாருங்கள். உங்களைப் பற்றிய பத்தி நீளமாக இருந்தால் நீங்களே வெட்டுங்கள், மாணவர் வெட்ட மாட்டார்.