உம்மாவுக்குக் கணக்கில்லாத கணினி

எங்கள் வீட்டில் ஐவருக்கும் ஒரே கணினி. 128 ஜிபி என்று சொல்லி வாங்கினோம். விண்டோஸ் அதை வேறு அளவையில் எண்ணுவதால் 119 என்றே காட்டும். சென்ற மாதம் அதில் 2 ஜிபி மட்டுமே மீந்திருந்தது.

அஸருக்குப் பின் ஒரு குறிப்பேட்டுடன் அனைவரும் அமர்ந்தோம். தனியாக எவரும் எதையும் அழிக்கக்கூடாது என்பதை முதல் வரியாக எழுதினேன். பின்னர் அவரவர் தத்தம் கணக்கில் நுழைந்து, C:\Users கோப்புறையில் தம் பெயரை வலது சொடுக்கி, Properties வழியாக அளவைக் குறித்தோம். மகன் 31, மகள் 22, நான் 14, மனைவி 9. ஆக 76 ஜிபி. ஏனைய 41-ஐ விண்டோஸும் மென்பொருள்களும் எடுத்துக்கொண்டிருந்தன.

மகனே பெருஞ்செலவாளி என்று எண்ணினேன். பார்த்தால், என் தங்கை மகளின் நிக்காஹ் வீடியோ, 7 ஜிபி, மகனிடமும் மகளிடமும் என்னிடமும் தனித்தனியே இருந்தது! ஒரு பிரதியை C:\Users\Public கோப்புறையில் வைத்தோம். எல்லாக் கணக்குகளிலிருந்தும் அதைத் திறக்கலாம். ஒவ்வொருவரும் தம் கணக்கில் நுழைந்து அதைத் திறந்து, இறுதிவரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பழையவற்றை அழித்தோம். ஆயினும் இடம் கூடவில்லை. அழித்தவை Recycle Bin-இல் கிடந்தன. அது கணக்குக்கு ஒன்று. அவரவர் தத்தம் கணக்கில் காலி செய்த பிறகே 14 ஜிபி திரும்பியது.

அடுத்த வரியில், "யார் கணக்கில் உள்ளதோ அவருக்கே உரிமை" என்று எழுதியிருந்தேன். அதைத்தான் பின்னர் அடிக்க நேர்ந்தது.

மகன் தன் பழைய கைப்பேசியின் வாட்ஸ்அப் கோப்புகளை மொத்தமாக நீக்க முனைந்தான். PTT-20190512-WA0003.opus என்பன போன்ற பெயர்கள். பார்த்தால் குப்பையென்றே தோன்றும். PTT என்று தொடங்குபவை குரல் பதிவுகள் என்பதை அறிந்திருந்த மகள், "ஒன்றைக் கேட்டுவிட்டு அழி" என்றாள். திறந்தான். மர்ஹூமாகிவிட்ட என் வாப்பாவின் குரல்! வரும்போது மாத்திரை வாங்கி வரும்படி பேரனிடம் சொல்கிறார், இடையில் இருமுகிறார். அவ்வளவே.

அது மகனுக்கு வந்த செய்தி, மகனின் கணக்கில் இருந்தது. என் விதிப்படி அழிக்கும் உரிமையும் அவனுக்கே. ஆனால் அடுப்படியிலிருந்த உம்மா வந்து, வாசலில் நின்றவாறே, "இன்னொரு தடவை போடு" என்றார்கள். உம்மாவுக்குக் கணினியில் கணக்கே இல்லை. நால்வருக்குக் கோடு கிழித்த நான் ஐந்தாமவரை மறந்திருந்தேன்.

குறிப்பேட்டில் உம்மாவுக்கு ஒரு பத்தி கிழித்தேன். ஒரு மாலை முழுவதும் கேட்டதில் வாப்பாவின் பதிவுகள் பதினொன்று கிடைத்தன. பதினொன்றும் சேர்ந்து 2 எம்பிகூட இல்லை. தேதியும் சொன்ன செய்தியும் கொண்டு பெயர் மாற்றி, Public-இல் ஒரு பிரதியும், உம்மாவின் அலமாரியில் ஒரு பென்டிரைவில் இன்னொரு பிரதியும் வைத்தோம். பென்டிரைவைப் பல வருடம் தொடாமல் விட்டால் பதிவு கெடக்கூடும். ஆகவே ஒவ்வொரு ரமழானுக்கு முன்பும் அதைச் செருகிப் பதினொன்றையும் ஓடவிட்டுப் பார்க்கும் பொறுப்பை மகன் ஏற்றிருக்கிறான்.