தொலைஞ்ச லைசனும் லயத்து விலாசமும்

கொடகவெல பக்கத்துத் தோட்டத்தில ஆட்டோ ஓட்டுற எங்க அண்ணாவோட லைசன் பஸ்ஸில தொலைஞ்சு போச்சு. அது காலாவதியாக இன்னும் ரெண்டு மாசந்தான் இருந்தது. போதாததுக்கு, லயத்தை விட்டுத் தனிவீட்டுக்கும் மாறியிருந்தார்.

முதல்ல பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எடுத்தோம். சிங்களத்தில எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லி, போனில இருந்த படத்தோட லைசன் நம்பரை ஒப்பிட்ட பிறகுதான் கையெழுத்து. புதுப்பிக்கிறதுக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழும் வேணும். அதை இரத்தினபுரியில எடுத்தோம்.

இழுத்தடிச்சது விலாசந்தான். கிராம சேவகர் தர்ற வதிவிடச் சான்றிதழில பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் அப்போ தேவைப்பட்டது. லயத்துக்கு வீட்டு இலக்கமே கிடையாது. தோட்டத்துப் பேருக்கு வர்ற கடிதம் ஒபிஸ் மேசையில நாள்கணக்கில கிடக்கும். இது புதுவீட்டுக்கும் பொருந்தும். சாதாரண சேவையில லைசன் அட்டை தபாலில வரும்னா, எந்தக் கதவைத் தட்டும்?

அதனால வெரஹெரவில ஒருநாள் சேவைக்கே போனோம். கட்டணம் கூட, அன்றைய ஓட்டமும் போச்சு. ஆனா அட்டை கைக்கே வந்தது. கவுண்டரை விட்டு நகர முந்தி, விலாசத்தை எழுத்தெழுத்தா வாசிச்சோம்.