முப்பத்திரண்டாவது நொடிக்குப் பிறகு

ஹம்பியில் விருபாட்சர் கோயிலருகே ஓடும் துங்கபத்திரையைக் கைப்பேசித் திரையில் காட்டும் மெய்நிகர் உலா ஒன்றை, பெங்களூரில் ஓர் ஆய்வு மாணவி தம் முனைவர் பட்டப் பணிக்காக உருவாக்கினார். பார்வையாளர் ஒவ்வொருவரும் எட்டு நிமிடம் உலாவ வேண்டும். பின்னர், எந்தக் காட்சி எவ்வளவு இயல்பாக இருந்தது என்று மதிப்பெண் இட வேண்டும். ஆற்றங்கரை முதல் அரை நிமிடத்திலேயே வந்துவிடும். நான்கு பேர் கொண்ட குழு ஒன்றுக்கு ஒரே கைப்பேசி. அது கைமாறும்போது செயலியை மூடுவதில்லை. தரவைத் தொகுத்தபோது ஒரு விந்தை தெரிந்தது. ஏறக்குறைய எல்லாக் குழுக்களிலும் முதலாமவர் ஆற்றைப் பாராட்டியிருந்தார். அடுத்தடுத்து வந்தவர்களின் மதிப்பெண் படிப்படியாக இறங்கியிருந்தது. கோயிலுக்கும் மண்டபங்களுக்கும் அந்த இறக்கம் இல்லை.

முதலில் எழுந்த ஐயம் வெப்பத்தின் மேல். கைப்பேசி சூடேறினால் வரைகலைச் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், காட்சி தடுமாறும். ஆனால் நொடிக்கு 60 சட்டகங்கள் என்ற கணக்கு இருபத்தைந்தாம் நிமிடத்திலும் குறையவில்லை. சூடு தணியும் முன்பே செயலியை மூடித் திறந்தால் ஆறு மீண்டும் சீராக ஓடியது. மடிக்கணினியிலோ, எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் குறையே இல்லை. வெப்பம் குற்றவாளி அல்ல என்பதற்கு இவ்வளவு போதும். செயலி திறக்கப்பட்ட கணம் முதல் வளர்ந்துகொண்டே போகும் ஏதோ ஓர் எண்தான் காரணமாக இருக்க வேண்டும். அப்படி வளரும் எண் ஆற்றின் ஃபிராக்மென்ட் ஷேடரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

```glsl
precision mediump float;
uniform float u_time;
varying vec2 v_uv;
// ...
vec2 p = v_uv + vec2(u_time * 0.03, 0.0);
```

முதல் வரியைப் பெரும்பாலோர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஃபிராக்மென்ட் ஷேடரில் மிதவைப்புள்ளி எண்ணுக்கு இயல்பான துல்லியம் எதுவும் வரையறுக்கப்படவில்லை. எழுதுபவரே சொல்லியாக வேண்டும். `mediump` என்பது கட்டளை அன்று, ஓர் அனுமதி. இவ்வளவு துல்லியம் போதும் என்று அது சொல்கிறது. கணினியின் வரைகலை அட்டை பொதுவாக அந்த அனுமதியைப் பயன்படுத்தாமல் 32 பிட்டிலேயே கணக்கிடுகிறது. கைப்பேசிச் செயலிகள் பல அதை ஏற்று 16 பிட்டுக்கு இறங்குகின்றன.

அந்தப் பதினாறில் ஒன்று குறிக்கு, ஐந்து அடுக்குக்கு, பத்து பின்னத்துக்கு. எனவே இரண்டின் அடுத்தடுத்த அடுக்குகள் இரண்டுக்கு நடுவே எப்போதும் 1024 இடங்களே உண்டு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலும் 1024. பதினாறுக்கும் முப்பத்திரண்டுக்கும் இடையிலும் அதே 1024. எண் பெரிதாகப் பெரிதாக, படிகளுக்கு இடையிலான தூரமும் விரிகிறது. நேரம் 16 முதல் 32 நொடி வரை இருக்கையில் ஒரு படி என்பது நொடியில் 64இல் ஒரு பங்கு; ஒரு சட்டகத்தின் கால அளவைவிடச் சற்றே சிறியது. முப்பத்திரண்டாவது நொடி கடந்ததும் படி இருமடங்காகிச் சட்டகத்தை விஞ்சிவிடுகிறது. ஆற்றின் நடையில் இடறல் அங்கே தொடங்குகிறது.

இதைப் பார்வையாளர்களின் வரிசையோடு பொருத்தினால் எல்லாம் விளங்கிவிடும். முதலாமவர் ஆற்றைக் கண்டது முதல் அரை நிமிடத்தில். இரண்டாமவர் காணும்போது கடிகாரம் 480 நொடியைத் தாண்டியிருக்கும். அங்கே படி கால் நொடி. மூன்றாமவருக்கு 960ஐ ஒட்டி, அரை நொடி. நான்காமவர் 1440இல் ஒரு முழு நொடிப் படியைக் கண்டார். அவருக்கு ஆறு ஓடவில்லை, நொடிக்கு ஒருமுறை குதித்தது. கேடு அதோடு நிற்கவில்லை. 1440ஐ 0.03ஆல் பெருக்கினால் 43.2. அந்த அளவுள்ள எண்ணுக்குப் படி 32இல் ஒரு பங்கு. டெக்ஸ்சரின் அகலம் 512 புள்ளிகள் என்பதால் ஒரு படிக்குள் 16 புள்ளிகள் அடங்கிவிடும். அருகருகே உள்ள பிக்சல்கள் ஒரே இடத்தைப் படிக்க, நீர் பட்டை பட்டையாக உடைந்தது. குதித்தல் காலத்தில் நேர்ந்த பிழை, பட்டை வெளியில் நேர்ந்த பிழை. இரண்டுக்கும் வேர் ஒன்றே.

`u_time`, `v_uv`, `p` மூன்றையும் `highp` என்று அறிவித்தால் குறை மறைகிறது. முழுத்துல்லிய எண்ணில் பின்னத்துக்கு 23 பிட், அதாவது 13 பிட் கூடுதல். ஆகவே முப்பத்திரண்டாம் நொடியில் வந்த அதே இடறல் 8192 மடங்கு தள்ளிப்போய் 262144ஆம் நொடியில், அதாவது மூன்று நாளுக்குச் சற்றே பின், வந்து நிற்கும். கைப்பேசிச் செயலிக்கு அது போதும். அருங்காட்சியகத்தில் வாரக்கணக்கில் அணையாமல் ஓடும் திரைக்குப் போதாது. முறையான தீர்வு, `u_time * 0.03` என்பதன் பின்னப் பகுதியை மட்டும் மையச் செயலியில் 64 பிட்டில் கணக்கிட்டு அனுப்புவது. டெக்ஸ்சர் திரும்பத் திரும்ப அடுக்கப்படுவதால் முழு எண் பகுதியை நீக்கினாலும் படம் மாறாது. அப்போதும் `p` முழுத்துல்லியத்திலேயே இருக்க வேண்டும்: அரைக்கும் ஒன்றுக்கும் இடையில் அரைத்துல்லியப் படி 2048இல் ஒரு பங்கு, 512 அகல டெக்ஸ்சரில் இரு புள்ளிகளுக்கு நடுவே நான்கே நிலைகள்.

ஆய்வில் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. ஆற்றைப் பற்றிய மதிப்பெண்களில் முதலாமவர்களுடையவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற முக்கால் பங்கையும் விலக்க நேர்ந்தது. நெறியாளர் அதை ஏற்றார். ஆனால் திருத்திய செயலியோடு புதிய பார்வையாளர்களை அழைக்க வேண்டும் என்றார். ஒரு பருவம் அதில் கழிந்தது.

இதனால் எல்லாவற்றையும் முழுத்துல்லியமாக்கிவிடலாம் என்று முடிவுகட்டுவது சரியன்று. அரைத்துல்லியத்தில் பதிவகங்கள் பாதியே செலவாகும், பல கைப்பேசிச் செயலிகள் ஒரே வேளையில் இரண்டு கணக்குகளைச் செய்யும், மின்கலமும் தாங்கும். நிறத்துக்கு அது தாராளம். திரை காட்டுவது 256 நிலைகள் என்றால், அரைத்துல்லியம் தன் மிகப் பரும்படியான இடத்திலும், அதாவது அரைக்கும் ஒன்றுக்கும் இடையிலும், அதைவிட எட்டு மடங்கு நுணுக்கமானது. இடம், காலம், ஆழம், டெக்ஸ்சர் ஆயம் ஆகியவை வேறு இனம். அவற்றில் எண் பெரிது, தேவைப்படும் வேறுபாடோ சிறிது.

இந்தப் பாகுபாட்டுக்குள் அடங்காத இடமும் ஒன்றுண்டு: ஈரக்கல்லின் மேல் விழும் பளபளப்பு. அங்கே எண்கள் சிறியவை; ஒன்றைத் தாண்டுவதில்லை. ஆனால் கணக்கின் நடுவில் `1.0 - NoH * NoH` என்ற கழித்தல் வருகிறது. பளபளப்பின் மையத்தில் `NoH` ஏறக்குறைய ஒன்று. அரைத்துல்லியத்தில் ஒன்றுக்கு அடுத்துக் கீழே உள்ள எண் 1 − 1/2048. அதற்கு உரிய கோணம் 1.8 பாகை. அதற்கு உட்பட்ட கோணங்களெல்லாம் இங்கோ அங்கோ ஒதுங்க வேண்டியதுதான். வழவழப்பான பரப்பில் பளபளப்பே சில பாகை அகலம் என்பதால், ஒளிப்பொட்டு மென்மையாக மங்காமல் வளையம் வளையமாகத் தெரியும். கூகுள் வெளியிட்ட ஃபிலமென்ட் என்ற திறந்தமூல வரைகலை இயந்திரம் இங்கே `highp` கேட்பதில்லை. இரு அலகுத் திசையன்களின் புள்ளிப் பெருக்கத்தை வர்க்கித்து ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பது, அவற்றின் குறுக்குப் பெருக்க நீளத்தின் வர்க்கமே. லக்ராஞ்சின் முற்றொருமை அது. அதைக் கொண்டு குறுக்குப் பெருக்கத்தையே நேரடியாகக் கணக்கிடுகிறார்கள். விடை பூச்சியத்தை ஒட்டியது. பூச்சியத்தருகே அரைத்துல்லியத்தின் படிகள் மிக நெருக்கமானவை. முன்னுள்ள கழித்தலை மாற்றியமைத்ததே போதுமாயிற்று.

சோதிக்கும் வழியையும் சொல்லிவிடலாம். மடிக்கணினி பொய்ச்சாட்சி சொல்லும். ஆகவே முதலில் எந்த இயந்திரம் எதை அளிக்கிறது என்று கேட்டறிய வேண்டும்.

```js
gl.getShaderPrecisionFormat(
  gl.FRAGMENT_SHADER, gl.MEDIUM_FLOAT).precision
```

விடை 23 என்றால் அங்கே இந்தக் குறை தலைகாட்டாது. 10 என்றால் தலைகாட்டக்கூடும். அப்படிப்பட்ட கைப்பேசியில், இருபத்து நான்கு நிமிடம் காத்திருக்காமல், `u_time` 1440இலிருந்து தொடங்குமாறு வைத்து ஆற்றைப் பார்த்தால் போதும். துல்லியம் குறைந்திருந்தால் முதல் நொடியிலேயே நீர் குதிக்கும்.