நான் எழுதிய பரிந்துரை மடல்

பணி ஓய்வு பெற்ற பின்னர், என் மேசையில் வந்து விழும் கடிதங்கள் குறைந்துவிட்டன. ஆயினும் பழைய மாணவர்கள் பரிந்துரை மடல் வேண்டி வருவது மட்டும் நின்றபாடில்லை. சென்ற ஆண்டு அவ்வாறு வந்தவள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியல் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்திருந்த ஒரு பெண். முதுகலைப் பட்டத்துக்காக அவள் ஆராய்ந்தது, நம் நாட்டுப் பூர்வகுடியினரான செமாய் மக்களின் மொழி.

முதல் நாள் இரவு நான் எழுதிய வரைவைப் பார்த்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ‘கடும் உழைப்பாளி, கூர்மதி உடையவர், களப்பணியில் பேரார்வம் கொண்டவர்’ என்றெல்லாம் அடுக்கியிருந்தேன். காலையில் அதைப் படித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் இன்னொரு மாணவனுக்கு நான் எழுதிய மடல் நினைவுக்கு வந்தது. அதிலும் இதே சொற்கள்தாம் இருந்தன. அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் திறமையில் குறையில்லை. அத்திறமை எத்தகையது என்பதை நான்தான் காட்டத் தவறினேன். அவன் இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்து வருகிறது.

ஆகவே வரைவைக் கிழித்துப் போட்டுவிட்டு, இப்பெண் செய்தவற்றுள் நான் கண்ணால் கண்ட ஒன்றையே எழுதுவதென முடிவு செய்தேன்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையை ஒட்டி, சற்று உள்ளே அமைந்த செமாய்க் கிராமம் ஒன்றில் அவள் பணி நடந்தது. பூர்வகுடியினர் மேம்பாட்டுத் துறையின் அனுமதி, ஊர்த் தலைவரான பாத்தினின் ஒப்புதல், பேசுவோர் ஒவ்வொருவரின் சம்மதம் ஆகிய மூன்றையும் பெற்ற பின்னரே ஒலிப்பதிவுக் கருவியை வெளியில் எடுத்தாள். அவள் தேடிச் சென்றவை காட்சிச் சொற்கள். நம் மொழியில் ‘சலசல’, ‘மினுமினு’ என்று இரட்டைக்கிளவி வருவதுபோல, ஒன்றன் தோற்றத்தையோ உணர்ச்சியையோ ஓசையையோ நேரே கண்முன் நிறுத்தும் சொற்கள் செமாய் மொழியில் ஏராளம்.

இத்தகைய சொற்களைக் கேள்வி கேட்டுப் பெற முடியாது என்பதுதான் அவள் சந்தித்த முதல் இடர். மலாய் மொழியில், “தலை ஆட்டுவதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டால், அவர்கள் வெறும் வினைச்சொல் ஒன்றைத் தந்துவிடுவார்கள். இரண்டு வாரங்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, பெண்கள் கூடிப் பேசும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு பாட்டியார், உட்கார்ந்தபடியே உறங்கி விழும் பேரனைக் காட்டிச் சிரித்தபோதுதான் முதற்சொல் கிடைத்தது. தமிழ் எழுத்தில் ஏறத்தாழ ‘த்ஹ்த்ஙோஹ்’ என எழுதலாம். தலை ஓயாமல் ஆடும் தோற்றம் என்பது பொருள். அதன் அடிச்சொல் ‘த்ஙோஹ்’.

நம் இரட்டைக்கிளவியில் சொல் முழுவதும் மடங்கி வரும். இங்கோ அப்படி இல்லை. மூங்கில் சுணை பட்டு உடல் அரிப்பதைக் குறிக்கும் ‘க்ஹூப்’ என்பது ‘க்ப்க்ஹூப்’ ஆகிறது. உயிரெழுத்து மடங்கவில்லை, நடுவிலுள்ள ஹகர மெய்யும் மடங்கவில்லை. முதல் மெய்யும் கடைசி மெய்யும் மட்டுமே முன்னால் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

‘முதலும் கடைசியும்’ என்று அவள் உடனே எழுதியிருந்தால் நான் அதைப் பெரிதாக மதித்திருக்க மாட்டேன். அவள் என்னிடம் வந்து, “ஐயா, இந்தச் சொற்களில் மூன்று மெய்கள்தாம் இருக்கின்றன. முதலும் மூன்றாவதும் மடங்குகின்றன என்றாலும் இதே விடைதானே வரும்?” என்று கேட்டாள். நான் அதை எண்ணிப் பார்க்கவே இல்லை. மூன்றுக்கு மேற்பட்ட மெய்களுடைய சொல்லைத் தேடி மீண்டும் கிராமத்துக்குப் போனாள். குட்டையான, பருத்த கைகளைக் குறிக்கும் சொல் ஒன்று அகப்பட்டது. அது ஏறத்தாழ ‘க்ம்ரேச்’. தொண்டையை ஒரு கணம் அடைத்து ஒலிக்கும், தமிழில் எழுத்தில்லாத மெய் ஒன்றும் அதனுள் உண்டு. ஆக ஐந்து மெய்கள். மடங்கிய வடிவம் ‘க்ச்க்ம்ரேச்’. மூன்றாவதான ரகரம் வரவில்லை. கடைசியான சகரமே வந்தது. இரண்டு விளக்கங்களில் ஒன்று அத்துடன் வீழ்ந்தது.

மடலில் இதை ஒரு பத்தியாக எழுதினேன். அடுத்த பத்தி அவளுடைய தவறு பற்றியது. அதை எழுதலாமா என்று இரண்டு நாள் தயங்கினேன்.

அவள் திரட்டிய நாற்பது சொற்களுள் மூன்று இந்த விதிக்கு அடங்கவில்லை. முன்னால் ஒட்டிய பகுதியில் ஹகரம் கேட்டது. சொல்லின் இறுதியில் அது இல்லை. விதிவிலக்கு என்று ஓர் அடிக்குறிப்பு எழுதி முடித்திருக்கலாம். பலர் அப்படித்தான் முடிப்பார்கள். அவளோ அந்த மூன்றும் எந்தெந்த நாளில் பதிவானவை என்று தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். மூன்றும் ஒரே பிற்பகலில், தகரக் கூரையின் கீழ், மழை கொட்டியபோது பதிவானவை! சொல்லின் இறுதியில் குரல் தாழும். அங்கே வரும் ஹகரம் வெறும் மூச்சு. மழையோசை அதை விழுங்கிவிட்டது. அந்த இடத்தில் பதிவு செய்யச் சம்மதித்தது தன் பிழையே என்று ஒப்புக்கொண்டு, மறுபடியும் மலையேறினாள். காற்றும் மழையும் இல்லாத விடியற்காலையில், வாய்க்கருகே ஒலிவாங்கியை வைத்து, அதே பாட்டியாரிடம் அதே சொற்களைப் பதிவு செய்தாள். மூன்றிலும் இறுதி ஹகரம் தெளிவாக இருந்தது. இரண்டு பதிவுகளையும் நானே கேட்டேன் என்று மடலில் குறிப்பிட்டேன்.

மடல் எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு சோதனை வரும். இந்த மடக்கு முறையை இவளே கண்டுபிடித்தாள் என்று எழுதினால் எடுப்பாக இருக்கும். ஆனால் அது உண்மையன்று. ஜெரார் டிஃப்லோத் என்னும் அறிஞர் 1976-இலேயே செமாய்க் காட்சிச் சொற்களைப் பற்றி எழுதி, இதை விளக்கியிருக்கிறார். ஆய்வின் பாதியில் அக்கட்டுரை கைக்குக் கிடைத்தபோது அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். “எல்லாம் முன்னரே சொல்லப்பட்டுவிட்டது ஐயா” என்றாள். அந்தக் கிராமத்தில் அது அவ்வாறே இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லையே, அம்மா, என்றேன். செமாய் மொழி ஆற்றுக்கு ஆறு வேறுபடுவது. ஆகவே மடலில், ‘அறியப்பட்ட ஒரு முறையை, ஆராயப்படாத ஓர் ஊரில், தானாகவே சோதித்து உறுதி செய்தார்’ என்று மட்டும் எழுதினேன். செமாய் மொழியில் அவளுக்கு எளிய உரையாடலுக்குப் போதுமான பயிற்சியே உண்டு, பெரும்பாலும் மலாய் வழியே பணி செய்தாள் என்பதையும் மறைக்கவில்லை.

மடலோடு நிரப்ப வேண்டிய படிவத்தில், நான் கற்பித்த மாணவர்களுள் இவள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று கேட்டிருந்தார்கள். முதல் கட்டம், நூற்றுக்கு இருவர். அடுத்தது, நூற்றுக்குப் பதின்மர். எல்லோரும் முதல் கட்டத்தைத்தான் குறிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நெடுநேரம் யோசித்தேன். களப்பணி என்னும் வரிக்கு முதல் கட்டத்தையும், கோட்பாட்டுப் படிப்பு என்னும் வரிக்கு இரண்டாவதையும் குறித்தேன். அந்த இரண்டாவது குறி அவளுக்கு இடையூறு ஆகிவிடுமோ என்ற அச்சம் இன்னமும் என்னை விட்டபாடில்லை.

அனுப்பிய மறுநாள் அவள் தொலைபேசியில் அழைத்தாள். மடலில் என்ன எழுதினேன் என்று கேட்கவில்லை. அது மரபும் அன்று. “மழை நாள் பதிவுகளை அழித்துவிடலாமா ஐயா?” என்றாள்.

“வேண்டாம் அம்மா, நாளைக் குறித்து அப்படியே வை” என்றேன்.